வண்டியில் ஒரு சத்தம்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அத்தையின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இரண்டு வாரங்களாக எங்கள் வண்டியில் ஒரு சத்தம் வருகிறது. அது எதனால் வருகிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும், வரும் சனிக்கிழமை அந்த வண்டியிலேயே கோயம்புத்தூருக்குப் புறப்பட்டு வரலாமா என்று உங்களிடம் கேட்பதற்காகவே இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

வண்டி 2014-ஆம் ஆண்டின் டீசல் வண்டி என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் இரண்டாவது கையாக வாங்கினோம். இன்று காலை வரை 91,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சித்திரையில் சர்வீஸ் செய்தபோது இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றினோம். ரசீது என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் முன் டயர்கள் இரண்டும் புதிதாகப் போட்டோம். பேட்டரி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஏசி நன்றாகக் குளிர்கிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்தில் உள்ள பள்ளிக்கு நான்தான் தினமும் ஓட்டிச் செல்கிறேன்.

சத்தம் முதலில் இல்லை, இப்போது இருக்கிறது. சில நாள் அதிகமாகவே கேட்கிறது, சில நாள் கேட்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற உங்கள் மாப்பிள்ளை தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். பையன் அடியிலிருந்து வருகிறது என்கிறான். என் மாமியார் பின்னாலிருந்து என்கிறார். எனக்கு அது நல்ல சத்தமாகப் படவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் நேரமோ என்னவோ, அப்போது சத்தம் வரவே இல்லை. ஆனாலும் முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்ற வேண்டும், 18,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். கொடுத்துவிடலாமா? இது என்ன சத்தமாக இருக்கும் என்று நீங்கள் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

—

அன்புள்ள கண்ணு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வண்டியின் ஜாதகமே அதில் இருக்கிறது. பேட்டரியின் வயதுகூட இருக்கிறது. சத்தம் எப்போது வருகிறது, எப்படிப்பட்ட சத்தம் என்ற இரண்டு மட்டும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு இரட்டைக்கிளவி நடத்துகிற தமிழாசிரியை, தன் வண்டிக்கு வரும்போது "ஒரு சத்தம்" என்று எழுதியிருப்பதைப் படித்து உன் அத்தை வெகுநேரம் சிரித்தாள். கடகடவா, கரகரவா, லொடலொடவா, கிறீச்சென்றா, அல்லது வண்டு போல ஊவென்றா? இவை ஒவ்வொன்றும் வண்டியில் ஒவ்வோர் இடத்தில் பிறப்பவை.

அவற்றைக் கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதை நாளை காலை வண்டியை எடுப்பதற்கு முன்பே செய்துவிடு. முன் டயர்களைச் சென்ற மாதம் மாற்றியதாக எழுதியிருக்கிறாய். டயர் மாற்றி 100 கிலோமீட்டர் போல ஓடியதும் வீல் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. டிக்கியில் ஜாக்கியோடு இருக்கும் ஸ்பேனரை எடுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு நட்டாகக் கையால் அழுத்திப் பார். எதுவும் சுலபமாக நகரக் கூடாது. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிக்காதே. அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட்டு இழுபட்டுக் கெடும். ஏதாவது ஒரு நட்டு தளர்ந்திருந்தால், இறுக்கிய பிறகும் பள்ளிக்குப் பேருந்தில் போ. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அந்த வண்டியில் ஏற வேண்டும்.

அந்த வொர்க்‌ஷாப்காரரைப் பற்றி நீ குறையாக எழுதிய வரிதான் உன் கடிதத்தில் எனக்கு உதவிய ஒரே வரி. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடியபோது சத்தம் வரவில்லை. அப்படியானால் நின்ற இடத்திலேயே கத்தக்கூடிய ஃபேன் பெல்ட், டேப்பெட், ஏசி கம்ப்ரசர் ஆகியவற்றின் மேலுள்ள சந்தேகம் ஓரளவு குறைகிறது. முழுவதும் தீரவில்லை, ஏனென்றால் பெல்ட் குளிர்ந்த காலையில் முதல் ஐந்து நிமிடம் கிறீச்சிட்டுவிட்டு, சூடேறியதும் அடங்கிவிடும். நீ மாலையில் பள்ளியிலிருந்து வருகிற வழியில் காட்டியிருந்தால் அது வாயே திறந்திருக்காது. எந்த நேரத்தில் காட்டினாய் என்பதையும் எழுது.

இனி நான் கேட்பவற்றுக்கு நீ இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ரேடியோவும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். கண்ணாடிகளை இறக்கிக்கொள். புறப்படுவதற்கு முன் டிக்கியைக் காலி செய். ஜாக்கியும் ஸ்டெப்னியும் தளர்ந்து கிடந்தால் அவையே ஒரு கச்சேரி நடத்தும். சஸ்பென்ஷன் என்று என்னிடம் வந்த ஒரு வண்டியில், கடைசியில் இருக்கைக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டியைத்தான் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். புது டயரின் பட்டையில் சிறு ஜல்லிக்கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

முதல் கேள்வி: சத்தம் இன்ஜினோடு ஏறி இறங்குகிறதா, சக்கரத்தோடா? நேரான, ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஐந்து விநாடி வண்டியை அதன் போக்கில் ஓடவிடு. இன்ஜினின் வேகம் தணிந்தும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரத்தின் பக்கத்துச் சத்தம். இன்ஜினோடு சேர்ந்து அதுவும் தணிந்தால் இன்ஜினின் பக்கம். எக்காரணம் கொண்டும் ஓடும்போது இன்ஜினை அணைத்துவிடாதே. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அதன் துணை இல்லையென்றால் இரண்டும் கல்லாகிவிடும், சாவி முழுவதும் திரும்பிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும்.

சக்கரத்தின் பக்கம் என்றால், அடுத்து நான் கேட்பது திருப்பத்தைப் பற்றியது. பள்ளி வாசலில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கடக் கடக் என்று வந்தால், அது ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, உள்ளே மண் புகுந்தால் இப்படி ஆகும்; முன் சக்கரத்தின் உட்புறத்தில் கரிய கிரீஸ் வரிவரியாகத் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதுவே 60-ஐத் தாண்டியதும் ஊவென்று தொடங்கி, வேகம் கூடக் கூட உரத்து, சாலை இடது பக்கம் வளையும்போது அதிகமாகி, வலது பக்கம் வளையும்போது குறைந்தால், எடை சாயும் வலது பக்கத்து வீல் பேரிங்கைச் சந்தேகிப்பேன். புது டயரும் ஊவென்று முனகும். ஆனால் தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறியதும் டயரின் குரல் மாறும், பேரிங்கின் குரல் மாறாது.

திருப்பத்தில் இல்லை, மேடுபள்ளத்தில்தான் வருகிறது என்றால், எந்த மேட்டில் என்று சொல். சிறு சிறு குழிகளில் மெதுவாகப் போகும்போது மட்டும் டொக் டொக் என்று தட்டினால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. அதற்குச் சஸ்பென்ஷன் முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் கிர்ரென்று முனகினால் ரப்பர் புஷ் காய்ந்திருக்கலாம். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் டொய்ங் என்று கம்பி துள்ளுவது போல வந்தால், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்.

பிரேக்கை மிதிக்கும்போது வருகிறதா, மிதித்தால் நின்றுவிடுகிறதா என்பதும் முக்கியம். இரவு மழையில் நனைந்த வண்டி, காலையில் முதல் மூன்று நான்கு மிதிகளுக்குக் கரகரவென்று உராய்ந்துவிட்டு அடங்கினால் அது டிஸ்க்கில் பிடித்த துரு. "சில நாள் வருகிறது, சில நாள் இல்லை" என்று நீ எழுதியது மழை நாளோடு பொருந்துகிறதா என்று யோசித்துப் பார். ஒவ்வொரு மிதிக்கும் இரும்போடு இரும்பு தேய்ந்தால் பேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தட்டுகிற சத்தமாக இருந்தால் எண்ணிப் பார். அதை ஓட்டுபவர் செய்ய வேண்டாம், பையனை உட்கார வைத்துக்கொள். உன் வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். ஆகவே 20 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு மூன்று முறை போலத் தட்டினால், சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை எதையோ சொல்கிறது. அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தட்டினால் அது சக்கரம் இல்லை. பையன் "அடியிலிருந்து" என்பதையும் சம்பந்தி அம்மா "பின்னாலிருந்து" என்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தகட்டு உடம்பு சத்தத்தை எங்கிருந்தும் எங்கும் கொண்டுபோகும். எங்கே என்பதில் காது ஏமாறும். எப்போது என்பதில் அவ்வளவாக ஏமாறாது.

18,500 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். 91,000 கிலோமீட்டரில் நம் ஊர்ச் சாலைகளில் சஸ்பென்ஷன் தேய்வது அதிசயம் இல்லை. ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்காமல், சத்தத்தைக் கேட்காமல், எந்தப் பாகம் தேய்ந்தது என்று காட்டாமல் முழுவதையும் மாற்றச் சொல்பவரிடம் அவ்வளவு பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி, ஆடும் பாகத்தை உன் கண் முன்னால் ஆட்டிக் காட்டச் சொல். காட்டினால் அந்தப் பாகத்துக்கு மட்டும் பணம் கொடு.

சனிக்கிழமைப் பயணத்தைப் பற்றி: உன் பதில் வரும் வரை ரயிலில் வருவதாகவே வைத்துக்கொள். ஸ்டியரிங் நடுங்குவதோ, ஆயில் விளக்கு எரிவதோ, சக்கரத்தைத் தொட்டால் ஒன்று மட்டும் கையைச் சுடுவதோ, இவற்றில் ஏதாவது ஒன்று சத்தத்தோடு சேர்ந்து வந்தாலும், நின்ற இடத்திலேயே எனக்குப் போன் செய். வியாழக்கிழமை மாலைக்குள் எந்த வேகத்தில், எந்த கியரில், நேராகவா திரும்பும்போதா, குளிர்ந்த வண்டியா சூடேறியதா என்று நான்கு வரி எழுது. பையன் பக்கத்தில் இருந்தால் சத்தம் வரும் நேரத்தில் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல். பதிவின்போது உன் மாமியாரைப் பேசாமல் இருக்கச் சொல்வது உன் பொறுப்பு.

அத்தைக்கு வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் வலிக்கிறதாம். டாக்டரிடம் அவள் அதைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
மாமா