நம் வீட்டுப் படங்களை ஆல்பமாக்கும் விதிகள்: தொடங்கும் முன் முழுவதும் படித்துவிடுங்கள்

அண்ணா, அக்கா, தம்பி, கூடவே உட்காரப்போகும் பிள்ளைகள் எல்லாருக்கும்தான் இது. என்னிடம் இப்போது வந்து சேர்ந்திருப்பவை: 9 காகித ஆல்பங்கள், இரண்டு பெட்டி நிறைய உதிரிப் படங்கள், நெகட்டிவ் உறைகள் 40க்கு மேல், எல்லார் போனிலிருந்தும் பழைய டிஸ்குகளிலிருந்தும் கொட்டிய ஏறக்குறைய 14,600 ஃபைல்கள். அதில் ஒரே படம் நாலு இடத்தில் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு விதமாக அடுக்க ஆரம்பித்தால் திரும்பவும் இதே நிலைக்குத்தான் வருவோம், அதனால் விதிகளை எழுதிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நகலை நீக்கலாம், நகலோடு வந்த தகவலை நீக்கக் கூடாது. யார் எடுத்தார்கள், யாருக்கு அனுப்பினார்கள், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஃபோல்டரில் கிடந்தது, இதெல்லாம் தகவல்தான். கீழே இருக்கும் விதி எதிலாவது குழப்பம் வந்தால் இதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெயர் வைப்பது

ஆண்டு, மாதம், நாள், பிறகு நிகழ்ச்சி. இந்த வரிசையில் மட்டும். நாளை முதலில் எழுதினால் கணினி அடுக்கும்போது எல்லா ஆண்டுகளின் 1ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடி நிற்கும்.

```
1987/
  1987-00-00 பழைய வீட்டு மாடி
  1987-06-14 அக்கா பிறந்தநாள்
  1987-11-00 அண்ணன் பள்ளி விழா
```

தெரியாத மாதத்துக்கும் நாளுக்கும் 00. ஊகித்து ஒரு தேதியைப் போட்டுவிடாதீர்கள், பத்து வருடம் கழித்து அது ஊகம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆண்டே தெரியவில்லை என்றால் `197X` மாதிரி பத்தாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது 1979க்குப் பிறகு தானாகப் போய் நிற்கும், தேடுவதும் எளிது.

ஃபைலுக்குப் பெயர் எண்களில் மட்டும்: `1987-06-14_001.jpg`. ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி இருந்தால் எண்ணைத் திரும்ப 001லிருந்து தொடங்காமல் தொடர்ந்துகொண்டே போங்கள், இல்லையென்றால் நாளைக்கு ஒன்றாகச் சேர்க்கும்போது ஒரே பெயரில் இரண்டு படம் வந்து ஒன்று இன்னொன்றை அழித்துவிடும்.

பல நாள் நீண்ட சுற்றுலாவுக்குத் தொடங்கிய தேதி போதும். நள்ளிரவு தாண்டிய திருமணப் படங்கள் திருமணத்தோடேயே இருக்கட்டும். ஐந்து படத்துக்குக் குறைவாக இருந்தால் தனி ஃபோல்டர் வேண்டாம், `1994-08-00 வீட்டில்` மாதிரி அந்த மாதத்தின் பொது ஃபோல்டரில் போடுங்கள். பிள்ளைகள் தரையில் தூங்குவது, அப்பா செய்தித்தாள் படிப்பது மாதிரி எந்த நிகழ்ச்சியும் இல்லாத படங்களுக்கும் இதுதான் இடம். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான், தயவுசெய்து "இது என்ன படம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தேதியை எதை நம்பி எழுதுவது

காகிதப் படத்தின் பின்னால் அப்பா கையெழுத்தில் தேதி இருந்தால் அதை நம்பலாம். பின்பக்கம் அச்சாகியிருப்பது பெரும்பாலும் படத்தைக் கழுவி எடுத்த தேதி. நம் வீட்டில் ஒரு ஃபிலிம் ரோல் தீர ஆறு மாதம் கூட ஆனது உண்டு, அதனால் "இந்தத் தேதிக்கு முன்னால்" என்று மட்டும்தான் அதிலிருந்து சொல்ல முடியும். முன்பக்க மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும் தேதி கேமராவில் யாரோ அமைத்தது. எங்கள் பள்ளிச் சுற்றுலாப் படங்களில் அது நிச்சயமாகத் தவறு, தம்பி பிறப்பதற்கு முந்தைய ஆண்டைக் காட்டும் படத்தில் தம்பியே நிற்கிறான். நெகட்டிவ் ஓரத்தில் இருக்கும் எண்கள் பெரிய உதவி. தேதி தெரியாவிட்டாலும் 12ஆம் படமும் 13ஆம் படமும் அடுத்தடுத்து எடுத்தவை என்பது உறுதி, அதனால் ஒரே ரோலில் ஒரு படத்தின் தேதி கிடைத்தாலே மற்றவை எந்தக் காலத்தவை என்று ஓரளவு பிடித்துவிடலாம். ஆகவே நெகட்டிவ் உறையைக் கலைக்கக் கூடாது.

டிஜிட்டல் படங்களில் ஃபைலுக்கு உள்ளேயே எடுத்த நேரம் பதிவாகியிருக்கும், `DateTimeOriginal` என்று காட்டும். கணினி "மாற்றிய தேதி" என்று காட்டுவதைப் பார்க்க வேண்டாம், அது நகலெடுத்தாலும் திருத்தினாலும் மாறக்கூடியது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் உள் தேதி போயிருக்கும். `IMG-20190412-WA0007.jpg` என்ற பெயரில் இருக்கும் தேதி அந்தப் போனில் வந்து சேர்ந்த நாள். பழைய படத்தை யாராவது நினைவு வந்து அனுப்பியிருந்தாலும் அனுப்பிய நாள்தான் அதில் இருக்கும், இதில்தான் நிறைய ஏமாந்திருக்கிறோம்.

நம் முதல் டிஜிட்டல் கேமராவில் ஆண்டு தவறாக இருந்தது, 2006இல் எடுத்தவை எல்லாம் 2005 என்று காட்டும். அதைத் திருத்தும் கட்டளை இது:

```
exiftool "-AllDates+=1:0:0 0:0:0" 2006-camera
```

பழைய ஃபைலை `_original` என்று பக்கத்தில் விட்டுவைக்கும், சரிபார்த்த பிறகு எடுத்துவிடலாம். ஆனால் நகல்களைத் தேடி முடிக்கும் முன் இதைச் செய்யாதீர்கள். தேதியைத் திருத்தினால் ஃபைல் மாறிவிடும், அதற்கு அப்புறம் அதன் நகலோடு அது அச்சு அசலாகப் பொருந்தாது, நகல் தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். முதல் தடவை நான் செய்த தவறு இதுதான், இரண்டு வார வேலை போயிற்று.

நகல்கள்

அச்சு அசலான நகல் என்றால் ஒவ்வொரு பைட்டும் ஒன்றாக இருப்பது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டாம், நிரலே சொல்லும்:

```
fdupes -r anaithum
```

இப்படிக் கொடுத்தால் பட்டியல் மட்டும் வரும், எதையும் அழிக்காது. `-d` சேர்க்கவே சேர்க்காதீர்கள். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றை வைத்துக்கொள்கிறோம், ஆனால் மற்றவை எந்த ஃபோல்டரில் இருந்தன என்பதை `kurippu.txt` ஃபைலில் எழுதிய பிறகுதான். "சித்தப்பா போன்" என்ற ஃபோல்டர் பெயர்தான் அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதற்கு ஒரே சாட்சியாக இருக்கலாம்.

ஒரே படம், வேறு வேறு அளவு: பெரியதை வைக்கவும். ஆனால் முழு அளவில் திறந்து முகங்களைப் பாருங்கள், சில சமயம் சிறிய படத்தை யாராவது இழுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள், பிக்சல் எண்ணிக்கையில் பெரியது ஆனால் மங்கல். உள் தேதியோடு இருப்பதும் தெளிவாக இருப்பதும் வேறு வேறு ஃபைல் என்றால் தெளிவானதை வைத்து, தேதியை அதில் எழுதிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் நகல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வைத்துக்கொண்டு பெயரின் கடைசியில் `_wa` சேருங்கள். அனுப்பியவரிடம் மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேட்போம்.

நிறம் மாற்றியது, வெட்டியது: மூலமும், திருத்தியதில் நல்லது ஒன்றும். வெட்டிய படம் மட்டும் எஞ்சக் கூடாது. அக்கா திருமணக் குழுப் படத்தில் ஓரத்தில் நின்ற பாட்டியை யாரோ வெட்டிய நகல்தான் பல வருடமாக எல்லார் வீட்டிலும் இருந்தது, முழுப் படம் இந்தப் பெட்டியில்தான் கிடைத்தது.

ஐபோனில் வரும் `HEIC` படத்தோடு அதே எண்ணில் ஒரு `MOV` இருந்தால் அது நகல் அல்ல, அந்தப் படத்தின் அசையும் பகுதி. இரண்டும் சேர்ந்தே நகரட்டும். `IMG_0001` என்ற பெயர் இரண்டு இடத்தில் இருப்பதால் மட்டும் அவை ஒரே படம் ஆகாது, 9999 தாண்டினால் எண் மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும்.

அடுத்தடுத்து எடுத்த ஒரே மாதிரியான படங்கள் நகல் இல்லை. இவற்றை நிரலிடம் விடாமல் நாமே பார்க்கிறோம். ஒரு காட்சிக்கு மூன்று வரை வைக்கலாம்: எல்லார் கண்ணும் திறந்திருப்பது, யாராவது சிரித்துக்கொண்டிருப்பது, வேறு கோணம் இருந்தால் அதுவும். இதற்கு ஒரே விலக்கு, இப்போது நம்மோடு இல்லாதவர்கள். தாத்தாவுக்கு மொத்தமே 11 படங்கள் இருக்கின்றன. மங்கலோ, பாதி முகமோ, கை ஆடியதோ, ஒன்றுகூட நீங்காது. அப்பா படங்களுக்கும் இதே விதி.

காகித நகல்களில்தான் நிதானம் அதிகம் வேண்டும். ஒரே நெகட்டிவிலிருந்து மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். முன்பக்கத்தை, இருப்பதில் நல்ல பிரதியிலிருந்து ஒரு தடவை ஸ்கேன் செய்தால் போதும் (600 டிபிஐ, நெகட்டிவ் கிடைத்தால் அதிலிருந்து 2400). ஆனால் எழுத்து இருக்கும் எல்லாப் பின்பக்கங்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும். அம்மா அப்பா திருமணப் படம் மூன்று பிரதி கிடைத்தது. ஒன்றின் பின்னால் தேதி மட்டும், இன்னொன்றில் நிற்பவர்கள் பெயர் இடமிருந்து வலமாக, மூன்றாவதில் அப்பா தன் அக்காவுக்கு எழுதிய நாலு வரி. முன்பக்கத்தைப் பார்த்து "மூன்றும் ஒன்றுதானே" என்று இரண்டை எடுத்துப் போட்டிருந்தால் அந்த நாலு வரி நமக்கு இல்லை. முன்பக்கம் `_001-A`, பின்பக்கங்கள் `_001-B`, `_001-C`, `_001-D`. உபரிப் பிரதிகளை எறிய வேண்டாம், யாருக்கு எது என்று பிரித்துக்கொள்வோம்.

ஒட்டும் தாள் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படங்களை நகத்தால் கிளப்பாதீர்கள். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக ரம்பம் போல இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் தாளோடேயே ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் புதிதாக எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும், பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

ஒரு படம் இரண்டு ஆல்பத்துக்குப் பொருந்தினால் (அக்கா பிறந்தநாள், தாத்தா படங்கள்) ஃபைலை நகலெடுக்காதீர்கள். ஃபைல் நிகழ்ச்சி ஃபோல்டரில் மட்டும் இருக்கும். "தாத்தா" என்ற ஆல்பத்தைப் படம் பார்க்கும் நிரலுக்குள் உருவாக்கிக்கொள்ளலாம், அங்கே ஒரே ஃபைலை எத்தனை ஆல்பத்தில் வேண்டுமானாலும் காட்டலாம்.

நீக்குவது

யாரும் தனியாக நீக்குவதில்லை. வேண்டாம் என்று தோன்றுவது `_neekka` ஃபோல்டருக்குப் போகும். மாதக் கடைசி ஞாயிறு இரவு நாம் நாலு பேரும் அழைப்பில் இருக்கும்போது அதைத் திறந்து பார்ப்போம், ஒருவர் வேண்டும் என்றாலும் அந்தப் படம் திரும்பப் போய்விடும், காரணம் கேட்க வேண்டாம். அதற்கு முன் மொத்தத்துக்கும் இரண்டு டிஸ்கில் நகல் இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். இப்போதைக்கு ஒன்று என்னிடம், ஒன்று அண்ணனிடம்.

வேலைப் பங்கு: 1990 வரை காகிதம் நானும் அக்காவும், 1991 முதல் 2004 வரை ஸ்கேன் தம்பி, அதற்குப் பிந்தைய ஃபைல்கள் அண்ணனும் பிள்ளைகளும். அடையாளம் தெரியாத முகங்களை `_yaar` ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அம்மாவிடம் ஒரு தடவைக்கு இருபது படத்துக்கு மேல் காட்ட வேண்டாம், சோர்ந்துவிடுகிறார். காட்டும்போது போனில் குரல் பதிவை ஓடவிடுங்கள், பெயரைக் கேட்டால் அவர் அன்றைக்கு நடந்தது முழுவதையும் சொல்கிறார்.