கோமதியின் அறிமுகக் காணொளி: தம்பிக்கு எழுதிய படப்பிடிப்புத் தாள்

தம்பி, அரிசி ஆலை வேலைக்கு அனுப்ப வேண்டிய காணொளியை ஞாயிறு காலை ஆறே காலுக்குத் திண்ணையில் எடுத்துவிடலாம். ஏழு மணிக்கு எதிர் வயலில் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் என் குரல் எடுபடாது.

வயலைப் பின்னால் வைத்து எடுக்கலாம் என்றாய். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும், ஆலைக்காரர்கள் பார்க்க வேண்டியது முகத்தை. நான் கிழக்கே பார்த்து உட்காருகிறேன், பின்னால் சுண்ணாம்புச் சுவர் மட்டும் இருக்கட்டும். காலண்டரைக் கழற்றிவிடு. ஸ்டூலின் மேல் மரக்காலைக் கவிழ்த்து, போனை அதில் படுக்கை வசமாகச் சாய்த்து வை. லென்ஸ் என் கண் உயரத்துக்கு வர வேண்டும். கீழிருந்து எடுத்தால் தாடைதான் தெரியும். தலைக்கு மேல் நாலு விரல் இடம், கீழே நெஞ்சு வரை, அவ்வளவு போதும். நெடுக்காக எடுத்தால் யூடியூப் அதை ஷார்ட்ஸ் ஆக்கிவிடும், அது வேண்டாம். பின்பக்கக் கேமராவில் எடு, லென்ஸை ஒரு தரம் துடைத்துக்கொள்.

இரண்டு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். கடிகாரம் வைத்துப் படித்தேன், ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது. இதைவிட நீட்ட மாட்டேன். நடுவில் தடுமாறினால் வெட்டி ஒட்ட வேண்டாம், முதலிலிருந்தே எடுப்போம். நான் பேசப்போவது இது:

"வணக்கம். நான் கோமதி, பி.காம். படித்திருக்கிறேன். ஊர் பாபநாசம் பக்கம். உங்கள் அரிசி ஆலையில் நெல் கொள்முதல் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

மூன்று சம்பாப் பருவம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தேன். 40 கிலோ மூட்டைக் கணக்கும், லாரி ஏறும்வரை பதிவேடும் என் பொறுப்பு. எக்செல், டேலி தெரியும்.

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க முடியாது. போன தை மாதம் ஒரு பெரியவரின் நெல் 18.5 காட்டியது. கருவிதான் தப்பு என்று கோபப்பட்டார். குவியலின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்திலும் அவரையே கைப்பிடி நெல் எடுக்கச் சொல்லி, அவர் கண் முன்னால் அளந்தேன். நடுவில்தான் ஈரம் இருந்தது. இரண்டு பேருமாகத் தார்ப்பாயில் விரித்துக் காயப்போட்டோம். மறுநாள் சாயங்காலம் 16.8 வந்தது, அன்றே எடை போட்டோம். அடுத்த முறை அவர் நெல்லைக் காயவைத்துத்தான் கொண்டுவந்தார்.

ஆலைக்குள் அவிப்பதும் உலர்த்துவதும் எனக்குப் புதிது, கற்றுக்கொள்ள வேண்டும். நெல்லும் விவசாயியும் எனக்குப் புதிது இல்லை. வண்டி ஓட்டுவேன், கும்பகோணம், மன்னார்குடி எங்கே அனுப்பினாலும் போய்வருவேன். நேரில் பேச ஒரு வாய்ப்புக் கொடுங்கள். நன்றி."

'நன்றி' சொன்னதும் நிறுத்திவிடாதே, இரண்டு விநாடி விட்டு நிறுத்து.

ஏற்றும்போது Visibility என்ற இடத்தில் Unlisted போட வேண்டும். Private போட்டால் பார்க்கிறவர் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் நாம் சேர்க்க வேண்டும், அங்கே யார் யார் பார்ப்பார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? Unlisted என்றால் தேடினால் கிடைக்காது, சேனல் பக்கத்திலும் தெரியாது, இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கலாம். அவர் இன்னொருவருக்கு அனுப்பினால் அவரும் பார்க்கலாம், அதனால்தான் போன் நம்பரையும் தெருப் பெயரையும் பேச்சில் சேர்க்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதே தம்பி, சித்தப்பா கேட்டாலும் சரி. கமெண்டை மூடிவிடு. அப்புறம் இணைப்பை உன் போனில், கூகுள் கணக்கிலிருந்து வெளியேறித் திறந்து பார். உனக்குத் திறந்தால் அவர்களுக்கும் திறக்கும்.

இணைப்போடு நான் அனுப்பும் கடிதம்:

"வணக்கம் மேடம். நெல் கொள்முதல் மேற்பார்வையாளர் வேலைக்கு நீங்கள் கேட்டிருந்த அறிமுகக் காணொளியை அனுப்பியிருக்கிறேன். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். 'காணொளி' என்ற சொல்லைத் தொட்டால் திறக்கும், கணக்கு எதுவும் வேண்டியதில்லை. இது பொதுவில் இல்லை, உங்கள் தேர்வுக் குழுவுக்காக மட்டும் வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது அனுப்ப வேண்டியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேர்வு முடிந்ததும் எடுத்துவிடுவேன். என் தொலைபேசி எண்ணும் முகவரியும் விண்ணப்பத்தில் உள்ளன. காலை பத்து மணிக்குப் பிறகு எப்போது அழைத்தாலும் பேசுவேன்.

இப்படிக்கு,
கோமதி"