ஐயாவுக்கு அனுப்ப வேண்டிய மெயில், திருத்தியது

தம்பி முத்து,

நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். முதலில் அதை இங்கேயே ஒட்டுகிறேன், நீயே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்.

"மாண்புமிகு பேராசிரியப் பெருந்தகை ஐயா அவர்களின் திருவடிகளுக்கு வணக்கம். நான் நலம். தாங்கள் நலம்தானே? ஐயா, எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். லேப்டாப்பும் மக்கர் பண்ணுகிறது. அப்பாவுக்கும் கண் ஆபரேஷன். தவிர்க்க முடியாத காரணங்களால் கட்டுரையை முடிக்க முடியவில்லை. பெரிய மனது வைத்துக் கொஞ்சம் டைம் கொடுத்தால் நன்றாக இருக்கும். தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும் தங்கள் அடிமை, முத்து."

மாண்புமிகு என்பதை அமைச்சர்களுக்கு விட்டுவிடு. திருவடி, அடிமை எல்லாம் பார்த்தால் ஐயாவே கூச்சப்படுவார். உன் அம்மாவிடம் போனில் பேசினேன், உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையாம். அப்பாவின் ஆபரேஷன் ஒன்றே போதும், அதுதான் உண்மையும்கூட. மூன்று காரணம் அடுக்கினால் அந்த ஒன்றையும் நம்ப மாட்டார். 'கொஞ்சம் டைம்' என்றால் எத்தனை நாள்? அதையும் அவரே கண்டுபிடிக்க வேண்டுமா?

சரி, இதை அனுப்பு.

பொருள்: குறுந்தொகை பாடவேறுபாட்டுக் கட்டுரை: மார்ச் 19 வரை அவகாசம் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவன் ப. மாரிமுத்து. மார்ச் 14, வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய குறுந்தொகைக் கட்டுரையை மார்ச் 19, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் ஒப்படைக்க அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

திங்கள்கிழமை என் தந்தைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. உடனிருக்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால் மூன்று நாட்களாக ஊரில் இருக்கிறேன். இன்று இரவு கிளம்பி நாளை காலை கல்லூரிக்கு வந்துவிடுவேன்.

முதல் 50 பாடல்களில் 34 பாடல்களுக்கு, சௌரிப்பெருமாள் அரங்கனின் 1915 பதிப்பையும் உ.வே.சா.வின் 1937 பதிப்பையும் ஒப்பிட்டு முடித்துவிட்டேன். அந்த அட்டவணையை இத்துடன் இணைத்துள்ளேன். மீதி 16 பாடல்களுக்கு 1915 பதிப்பை நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அதை வெளியே தருவதில்லை. வியாழன் முதல் சனி வரை அந்த வேலையை முடித்து, அடுத்த மூன்று நாட்களில் கட்டுரையை எழுதிவிடுவேன்.

கட்டுரையை நான் முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும். அது என் தவறு. தாமதத்திற்காக அகமதிப்பீட்டில் மதிப்பெண் குறைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அவகாசம் தர இயலாவிட்டால், 34 பாடல்களை மட்டும் வைத்து எழுதி வெள்ளிக்கிழமையே ஒப்படைத்துவிடுகிறேன். எப்படிச் செய்யட்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

நன்றி ஐயா.

இப்படிக்கு,
ப. மாரிமுத்து
முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு
12.03.2025

'என் தவறு' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கேட்பாய். எடுக்காதே. இந்தக் கட்டுரையைப் பிப்ரவரியிலேயே கொடுத்தார் என்பது அவருக்கு நினைவிருக்கும். நீயே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர் அதைக் கேட்க வேண்டியதில்லை. அதே சமயம் ஒரு வரிக்கு மேல் நீட்டாதே, புலம்பலாகிவிடும்.

மெயிலின் உயிரே அந்த 34 பாடல் அட்டவணைதான். அவரிடம் நான் எம்.ஃபில். படித்தபோது பார்த்திருக்கிறேன்: செய்த வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு அதிகம் பேச மாட்டார். ஆனால் உன் அட்டவணையில் 22ஆம் பாட்டில் இரண்டு பதிப்புகளின் பாடத்தையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று தோன்றுகிறது. உன் குறிப்பேட்டோடு சரிபார்த்துத் திருத்திவிட்டு இணை.

ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போனில் அனுப்பாதே, இப்போதே அனுப்பு. நாளை மதியம் வரை பதில் வராவிட்டால் மறுபடி மெயில் போட வேண்டாம். துறைக்குப் போய், வகுப்பு முடிந்து அவர் வெளியே வரும்போது, "ஐயா, நேற்று மெயில் அனுப்பியிருந்தேன், பார்த்தீர்களா?" என்று மட்டும் கேள். கதையை அங்கே முதலிலிருந்து ஆரம்பிக்காதே.

அப்புறம், அப்பாவுக்குச் சொட்டு மருந்து எந்த நேரம் போட வேண்டும் என்பதை அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா