புதுப்பட்டி தாத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும்

அன்புள்ள தாத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும்,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் சொட்டு மருந்து விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் இந்தக் கடிதத்தைத் தம்பியை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆத்தா கையில் கொடுத்துவிடாதீர்கள். தன்னைப் பற்றி நல்லதாக வரும் வரிகளை எல்லாம் தாண்டிவிட்டு மிச்சத்தைத்தான் வாசிப்பார்.

போன மாதம் நான் வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் தாத்தா கேட்டீர்கள்: "எங்க பிள்ளைகிட்ட என்னத்தப்பா கண்ட?" கூடம் நிறைய ஆட்கள். எனக்கு வாய் வரவில்லை. "நல்ல பொண்ணு தாத்தா" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. உங்களுக்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் நிச்சயத்துக்கு வந்து உட்கார எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆத்தா என்றும் அவர் என்றும் எழுதுகிறேனே, அது உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டது. தாத்தாவைப் பெற்ற அம்மாவின் பெயரைப் பேத்திக்கு வைத்ததால் அந்தப் பெயரை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறீர்கள் என்று அப்பத்தா சொன்னீர்கள். மதுரையில் எங்களுக்குள் நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். உங்கள் முன்னால் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

சரி, என்ன கண்டேன் என்று சொல்கிறேன்.

2023 ஆடியில் எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. கை மட்டும் அப்படியே கிடந்தது. அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அம்மா அதைத் தொட்டதும் அழுவார். "சின்னப் பிள்ளை மாதிரி பந்து விளையாடவா?" என்று தள்ளிவிடுவார். எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருப்பவன் நான், எலும்பைப் படம் பிடிக்கத் தெரியும். அம்மா கையைத் தூக்கவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆத்தா அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்தார். கூட வேலை பார்ப்பவர் என்ற பழக்கம்தான். விஷயம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நெடுங்கண்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார், விரல் விரலாக மடக்கி நீட்டினார். அப்புறம் எழுந்து எங்கள் ஸ்டோருக்குள் போய் ஒரு முறத்தில் ரெண்டு கை உலர்ந்த ஏலக்காய் அள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவின் மடிக்கு முன்னால் வைத்து, "அம்மே, இதில் காம்பும் பிளந்த காயும் கிடக்கு. பொறுக்கித் தாங்க, வலது கையாலே" என்றார். மலையாளத்தில்தான் சொன்னார். அந்த மலையாளத்தைக் கேட்டு எங்கள் அப்பா நிமிர்ந்து பார்த்தார். படித்து வந்த பேச்சு இல்லை அது, தோட்டத்துப் பேச்சு.

அம்மா முறத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் பார்த்த வேலை. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுங்கிக்கொண்டே ஒரு காயைத் தொட்டன, காய் நழுவியது. மறுபடி தொட்டார். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து "பதுக்கெ மதி, பதுக்கெ மதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாகப் போதும் என்று. முதல் காம்பைப் பொறுக்கி ஓரமாக வைக்க எவ்வளவு நேரம் ஆனதென்று நான் பார்க்கவில்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஏழு காம்பு. அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கார்த்திகையில் அம்மா தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார்.

பிறகு ஒரு நாள் இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று ஆத்தாவிடம் கேட்டேன். கை மறந்ததை, அந்தக் கைக்குப் பழகிய வேலையைக் கொடுத்து நினைவுபடுத்தலாம் என்று பாடத்திலும் இருக்கிறதாம். ஆனால் அவருக்கு நினைவுக்கு வந்தது பாடம் இல்லை. "அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குவேன். அது விரல் போற வேகத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். அம்மா கையைப் பார்த்ததும் அப்பத்தா விரல்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார். அப்பத்தா, எங்கள் அம்மா கை இன்று எழுந்து நடமாடுகிறதென்றால் அதில் உங்கள் விரலும் இருக்கிறது. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்திலாவது சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது சொல்லக் கஷ்டமானது. எங்கள் பழக்கம் கல்யாணப் பேச்சாக மாறியபோது ஆத்தா என்னிடம் ஒரே ஒரு விஷயத்தை முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னார். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை பெரிதாகி, எங்கள் பக்கத்தில் வேலை செய்த தமிழ் ஆட்களை விரட்டினார்களே, அப்போது அப்பத்தா மலையிலிருந்து காட்டுப் பாதையில் இருட்டோடு நடந்து இறங்கி வந்ததை. கால் முழுவதும் கிழிந்து வீக்கத்தோடு வந்ததையும், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த தான் வெந்நீர் வைத்து ஊற்றியதையும் சொன்னார். "இதைத் தெரிஞ்சுக்கிட்டு வா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதினேழு வயது. எங்களுக்கு இருப்பது ரெண்டு ஏக்கர் தோட்டம். அந்த வாரம் கம்பத்திலிருந்து ஜீப் வரவில்லை, காய் செடியிலேயே பழுத்து உதிர்ந்தது. வீட்டில் காய் போனதைப் பற்றித்தான் பேசினோம். நாலைந்து வருஷமாக எங்களுக்குக் காய் எடுத்துக் கொடுத்த அக்காமார்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. எனக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான். அது எங்கள் தவறு. உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி நடந்து வந்த அப்பத்தா, நிலைமை அடங்கியதும் மறுபடி அதே மலைக்கு ஜீப் ஏறினீர்கள். அந்தக் கூலியில்தான் நாலரை வருஷம் ஆத்தாவைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் படிப்பைக் கொண்டு அவர் முதலில் எழுப்பியவர்களில் மலை மேலே இருக்கும் என் அம்மாவும் ஒருவர். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

தாத்தாவிடமிருந்து வந்ததும் ஒன்று உண்டு. அதையும் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளை மதியத்தோடு முடிக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிற வயசானவர்கள் பல நாள் நேரம் தப்பித்தான் வந்து சேர்வார்கள். மற்றவர்கள் பையை எடுத்துத் தோளில் போடுகிற நேரம் அது. ஆத்தா மட்டும் கட்டிலைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கடைமடை ஆள் வந்தாச்சு, உட்காருங்க" என்பார். ஏன் கடைமடை என்கிறாய் என்று கேட்டேன். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் தாத்தா தன் வயல் நனைந்ததும் படுக்கப் போக மாட்டாராம். லைட்டை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கடைசி வரைக்கும் நடந்து, கடைசி வயலுக்குள் தண்ணீர் நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாராம். சின்ன வயதில் ஆத்தா பின்னாலேயே நடந்து வருவாராம். அவர் அதை அறிவுரையாகக் கேட்டதில்லை தாத்தா, உங்களோடு நடந்து பழகிக்கொண்டது.

உங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் பென்னிகுக் படம் மாட்டியிருக்கிறது. 1895ல் வந்து சேர்ந்த தண்ணீருக்கு இன்றும் நன்றி சொல்லி விளக்கு வைக்கிற வீடு. எங்கள் சித்தி வண்டிப்பெரியாறில் இருக்கிறார். மழைக்காலத்தில் டிவியில் நீர்மட்டம் சொன்னால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் கிடையாது. ஆத்தாவை அங்கே கூட்டிப்போன அன்று அந்தப் பேச்சு வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. ஆத்தா சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்குத் தூக்கம் வராதது எனக்குப் புரியுது சித்தி. அந்தத் தண்ணியில்தான் நான் வளர்ந்தேன், அதையும் நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார். சித்தி பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது ஆத்தாவுக்குத் தலையில் பூ வைத்துவிட்டார். தன் ஊரை விட்டுக்கொடுக்காமலும் எதிரில் இருப்பவரை நோகடிக்காமலும் இப்படிப் பேச என்னால் இன்றுவரை முடியவில்லை. அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவருக்குக் கோபம் வரும், அதுவும் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். வந்தால் ரெண்டு நாள் பேச மாட்டார். மூன்றாம் நாள் தானாக வந்து, என் தப்பு எது தன் தப்பு எது என்று ரெண்டையும் பிரித்து வைத்துப் பேசுவார். அதற்குமேல் அந்தச் சண்டை திரும்ப வந்ததில்லை. கோபத்திலும் அவர் நியாயம் தவறி நான் பார்த்ததில்லை.

இவ்வளவுதான் தாத்தா நான் கண்டது. கல்யாணத்துக்குப் பிறகும் மதுரையில்தான் இருப்போம். அவர் வேலையை விட வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் யாரும் அப்படி நினைக்கவும் இல்லை. தண்ணீர் திறக்கிற அன்று அவர் புதுப்பட்டியில் உங்களோடு நிற்பார். வாய்க்காலுக்குப் பூத் தூவும்போது நானும் பக்கத்தில் நிற்க நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

தை மாதம் எட்டாம் தேதி காலையில் நாங்கள் ஏழு பேரும் கம்பம்மெட்டு வழியாக வருகிறோம். வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு அம்மா ஒரு பொட்டலமும் எடுத்து வருகிறார். அரைக் கிலோ ஏலக்காய், வலது கையால் அவரே பொறுக்கியது. வேறு யாரையும் தொட விடவில்லை. ஒரு காம்பு ரெண்டு காம்பு தப்பியிருக்கலாம் என்று பயப்படுகிறார். அப்பத்தாதான் சொளகில் கொட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
நெடுங்கண்டத்துப் பையன்