செண்பகம் இல்லம், கோத்தகிரி: விருந்தினருக்கான வைஃபை அட்டை

வைஃபைக்குத் தனிக் கட்டணம் இல்லை. தங்கும் நாள் முழுக்கப் பயன்படுத்தலாம்.

```
பெயர்      : Shenbagam
பாஸ்வேர்டு : malaithen4792
```

எல்லாமே சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது, மொத்தம் 13 எழுத்து. "மலைத்தேன்" என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்தில் t ஒன்றுதான், e ஒன்றுதான். முதல் எழுத்தைப் பெரிய M ஆக அடித்துவிடாதீர்கள். "பாஸ்வேர்டு தப்பு" என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் குறி இருந்தால், அதைத் தொட்டு என்ன அடித்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாம்.

ஸ்கேன் செய்து சேர

அடிக்க வேண்டாம் என்றால், உங்கள் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை போன் கேமராவில் காட்டுங்கள். திரையில் வரும் Shenbagam என்ற பெயரைத் தொட்டால் போதும். ஜிபே, போன்பே போன்ற பணம் கட்டும் ஆப்பில் ஸ்கேன் செய்தால் "தவறான கோடு" என்றுதான் வரும். கேமராவைத்தான் திறக்க வேண்டும்.

கையால் அடித்துச் சேர

1. போனில் Settings திறந்து, ஆண்ட்ராய்டில் Network & internet அல்லது Connections, ஐபோனில் Wi-Fi என்பதைத் தொடுங்கள்.
2. வைஃபையை ஆன் செய்யுங்கள். பட்டியல் வரச் சில விநாடிகள் ஆகும்.
3. Shenbagam என்பதைத் தொட்டு, பாஸ்வேர்டை அடித்து, Connect அல்லது Join கொடுங்கள்.

லேப்டாப்பில் வைஃபை குறி விண்டோஸ் என்றால் வலது கீழ் மூலையில், மேக் என்றால் வலது மேல் மூலையில் இருக்கும். மற்றபடி அதே வேலைதான்.

எங்கள் வைஃபையில் சேரும்போது ஓடிபி, அறை எண், மின்னஞ்சல் எதுவும் கேட்காது. அப்படிக் கேட்டு ஏதாவது பக்கம் திறந்தால் அது எங்களுடையது இல்லை. எதையும் நிரப்பாமல் மூடிவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

பட்டியலில் Shenbagam_5G என்றும் ஒன்று தெரிகிறதே?

அதுவும் நம்முடையதுதான், பாஸ்வேர்டும் அதேதான். சிம் கார்டின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய 4ஜி போனிலும் இது வேலை செய்யலாம். வேகம் கூடுதல், ஆனால் சுவரைத் தாண்டும்போது வலு நன்றாகக் குறைந்துவிடும். இந்த வீட்டுச் சுவர்கள் பழைய கருங்கல் கட்டு, ஒன்றரை அடிக்குக் குறையாது. அதனால் ஹாலிலும் 1, 2 எண் அறைகளிலும் மட்டும் 5G பெயரில் சேருங்கள். மாடியில் 3ஆம் அறைக்கும் தோட்டத்து 4ஆம் அறைக்கும் வெறும் Shenbagam தான் சரி. மிகப் பழைய போன்களில் 5G பெயர் தெரியவே தெரியாது. போனில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஹாலில் இருக்கும் வைஃபை பெட்டி தவிர, மாடிப்படி முடிகிற இடத்தில் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது, மாடிக்கு சிக்னல் தருவது அதுதான். கீழே சேர்ந்த போன் மாடிக்குப் போன பிறகும் ஹால் பெட்டியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். கட்டம் ஒன்று மட்டும் காட்டும், எதுவும் திறக்காது. வைஃபையை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்தால் பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும்.

தோட்டத்தில் செண்பக மரத்தடி வரைக்கும் ஓரளவு கிடைக்கும். தேயிலைச் சரிவில் இறங்கிவிட்டால் கிடைக்காது.

மொபைல் சிக்னலும் ஓடிபியும்

கல் சுவருக்குள் மொபைல் சிக்னல் சரியாக எட்டாது. போன் அமைப்பில் Wi-Fi calling என்று தேடி ஆன் செய்துவிட்டால், சாதாரண அழைப்புகள் வைஃபை வழியாகவே வரும், போகும். உங்கள் போனில் அந்த வசதி இருக்க வேண்டும், சிம் நிறுவனமும் அதை அனுமதித்திருக்க வேண்டும். வங்கி ஓடிபி அவசரமாக வேண்டும் என்றால் வாசல் திண்ணைக்கு வாருங்கள். வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான்.

வேகம்

வீட்டுக்கு வருவது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, நான்கு அறைக்கும் பொது. தெளிவான வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும் என்பதால் பொதுவாக யாருக்கும் குறை வராது. மாலையில் ஊர் சுற்றிவிட்டு வந்ததும் எல்லாப் போனும் அன்றைய போட்டோ, வீடியோவை ஒரே நேரத்தில் மேலேற்றத் தொடங்கும். 7 முதல் 9 வரை மந்தமானால் காரணம் அநேகமாக அதுதான். பேக்கப்பைத் தூங்கப் போகும் முன் ஓடவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

அலுவலகக் கூட்டம் இருப்பவர்களுக்கு 2ஆம் அறை மேசைக்குப் பின்னால் லான் கேபிள் இருக்கிறது. அதைச் செருகினால் சுவர்ப் பிரச்சினையே கிடையாது. லேப்டாப்பில் லான் துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் எங்களிடம் உண்டு, கேளுங்கள். விபிஎன் போடுபவர்கள் முதலில் வைஃபையில் சேர்ந்து, ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு விபிஎன் ஆன் செய்யுங்கள்.

வேலை செய்யாவிட்டால்

போன முறை வந்து தங்கியவரா? பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. போன் பழையதையே போட்டுப் பார்த்துத் தோற்கும். Shenbagam பெயரை அழுத்திப் பிடித்து Forget கொடுத்துவிட்டு (ஐபோனில் பெயர் பக்கத்து "i" குறியைத் தொட்டு Forget This Network) புதிதாகச் சேருங்கள்.

சேர்ந்துவிட்டது, ஆனால் "இணையம் இல்லை" என்கிறதா? பக்கத்தில் இருப்பவரின் போனைப் பாருங்கள். அவருக்கு வந்தால் கோளாறு உங்கள் போனில்: விபிஎன்னை நிறுத்துங்கள், தேதியும் நேரமும் சரியா பாருங்கள், ஒரு முறை அணைத்துப் போடுங்கள். யாருக்குமே வரவில்லை என்றால் ஹால் புத்தக அலமாரி மேல் இருக்கும் வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். PON விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். LOS விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியில் ஃபைபர் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. காற்று மழையில் மரக்கிளை விழுந்தால் இப்படி ஆகும். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது சரியாகாது. எங்களிடம் சொல்லுங்கள், லைன்மேனைக் கூப்பிடுகிறோம்.

LOS எரியவில்லை, ஆனாலும் நெட் வரவில்லை என்றால் மட்டும் பெட்டியின் பின்னால் உள்ள ஆன்/ஆஃப் பொத்தானை அணைத்து, 30 விநாடி கழித்துப் போடுங்கள். முழுதாக எழுந்திருக்க 3 நிமிடம் வரை எடுக்கும்.

கரண்ட் போனாலும் வைஃபை இன்வெர்ட்டரில் ஓடும். மாறுகிற நொடியில் பெட்டி சில சமயம் அணைந்து எழும், அப்போதும் அதே 3 நிமிடம்தான்.

இரண்டு வேண்டுகோள். போன் சார்ஜ் போடுவதற்காகப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் பாயின்ட் இருக்கிறது. பின்னால் ஊசித்துளை போல இருக்கும் Reset-ஐக் குத்தவே வேண்டாம். அது அமைப்பு எல்லாவற்றையும் அழித்துவிடும், பிறகு ஆள் வந்து சரிசெய்யும் வரை வீடு முழுக்க நெட் இருக்காது.

இரவு 10 மணி வரை சமையலறைக் கதவைத் தட்டலாம். அதற்கு மேல் அவசரம் என்றால் உங்கள் சாவிக்கொத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்.