அறிதிறன் வளர்ச்சி நிலைகளும் கற்பித்தலும்: தவறான விடைகளிலிருந்து ஓர் அணுகுமுறை

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) பாரிஸில் சிறுவர்களுக்கான நுண்ணறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணியில் இருந்தபோது, சரியான விடைகளைக் காட்டிலும் தவறான விடைகளே அவருடைய கவனத்தை ஈர்த்தன. ஏறத்தாழ ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே வகையான தவறுகளைச் செய்தார்கள். அத்தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. குழந்தையின் சிந்தனை வளர்வதாக அவர் பின்னர் வகுத்த நான்கு நிலைகளையும் அவற்றின் வயது வரம்புகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஆசிரிய மாணவர்கள் இந்தத் தொடக்கத்தை அறியாமலே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. குழந்தையின் தவறை அதன் சிந்தனை அமைப்புக்கான சான்றாக வாசிக்க ஆசிரியரைப் பழக்குவதே நிலைக் கோட்பாட்டின் முதன்மையான கற்பித்தல் பயன் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிறப்பிலிருந்து ஏறத்தாழ 2 வயது வரையிலான புலன் இயக்க நிலை, பள்ளி ஆசிரியரை நேரடியாகத் தொடுவதில்லை. அடுத்து 7 வயது வரை நீளும் மனச்செயலுக்கு முந்தைய நிலையில் குழந்தை மொழியையும் குறியீடுகளையும் கையாளத் தொடங்கினாலும், ஒரு பொருளின் ஏதேனும் ஒரு கூறிலேயே அதன் கவனம் நிலைத்துவிடுகிறது. அகன்ற குவளையிலிருந்து ஒடுங்கிய உயரமான குவளைக்கு நீரை ஊற்றினால், நீர் கூடிவிட்டது என்று அக்குழந்தை உறுதியாகச் சொல்லும். உயரத்தைப் பார்க்கும்போது அகலம் அதன் கணக்கில் வருவதில்லை, ஊற்றியதைத் திரும்ப ஊற்றலாம் என்னும் எண்ணமும் எழுவதில்லை.

ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரையிலான கண்கூடான மனச்செயல் நிலையே தொடக்கப் பள்ளியின் களம். தோற்றம் மாறினாலும் அளவு மாறாது என்று உணரும் அளவு மாறாமை, வகைப்படுத்தல், வரிசைப்படுத்தல் ஆகியவை இப்போது கைகூடுகின்றன; ஆனால் அவை ஒரே நாளில் வருவதில்லை. பொருளின் அளவு மாறாமையை உணர்ந்த குழந்தை எடை மாறாமையைப் பின்னரும், கன அளவு மாறாமையை அதற்கும் பின்னரும் உணர்கிறது. ஆகவே ஒரு குழந்தையை ‘இந்த நிலையில் இருக்கிறது’ என்று ஒட்டுமொத்தமாக முத்திரையிடுவது பியாஜேயின் சொந்தக் கண்டறிதலுக்கே பொருந்தாது.

ஒரு பத்து வயது மாணவர் 0.7, 0.15 என்னும் இரண்டில் 0.15தான் பெரியது என்று எழுதுகிறார் என்று கொள்வோம். 15 என்பது 7ஐ விடப் பெரியது என்னும் முழு எண் அறிவுக்குள் தசம எண்ணையும் அவர் இழுத்துக்கொள்கிறார். பியாஜே இதைத் தன்வயப்படுத்தல் என்பார். சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுவதால் அந்த அமைப்பு அசைவதில்லை. மாறாக, ஒரு மீட்டர் அளவுகோலில் 0.7 மீட்டரையும் 0.15 மீட்டரையும் அவரே குறிக்கும்போது, 70 சென்டிமீட்டருக்கும் 15 சென்டிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு அவருடைய விதியோடு மோதுகிறது. அந்த முரண்பாட்டைத் தீர்க்கப் பழைய அமைப்பையே திருத்திக்கொள்வதுதான் இணக்கமாதல். கண்கூடான பொருள் இங்கே காட்சிக்குரிய துணைக்கருவி என்பதைத் தாண்டி, மாணவரின் கருத்தைச் சோதிக்கும் களமாகிறது.

கண்முன் இல்லாதவற்றையும் கருதுகோளாகக் கொண்டு சிந்திக்கும் முறையான மனச்செயல் நிலை 11 வயதையொட்டித் தொடங்குவதாகக் கூறப்பட்டாலும், எல்லோரும் எல்லாத் துறைகளிலும் அதை அடைவதில்லை. ஊசலின் அலைவு நேரம் எதைச் சார்ந்தது என்று கண்டறிய நீளம், நிறை, வீச்சு ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும். இந்த உத்தியை மேல்வகுப்பு மாணவர் இயல்பாகவே அறிந்திருப்பார் என்று கொள்ளாமல், அதைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

நிலைகளைத் தடுப்புச் சுவராகக் கொள்வதற்கு எதிரான சான்றுகளும் உள்ளன. சம எண்ணிக்கையில் பொருள்களை அடுக்கிய இரு வரிசைகளில் ஒன்றைப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே கலைப்பதற்குப் பதிலாக, குறும்புக்காரக் கரடி பொம்மை தற்செயலாகக் கலைத்ததுபோல் காட்டியபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சொன்ன சிறு குழந்தைகளின் தொகை வெகுவாகக் கூடியதை மெக்கேரிகிளும் டொனால்ட்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வினா கேட்கப்படும் சூழலும் விடையைத் தீர்மானிக்கிறது என்பது இதன் பொருள். உதவியுடன் செய்யக்கூடியதற்கும் தனியே செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட அண்மை வளர்ச்சி மண்டலத்தை உளவியலாளர் வைகாட்ஸ்கி வலியுறுத்தியதையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருப்பது மட்டுமே போதும் என்றால், கற்பித்தலுக்கு இடமே இராது.

தவறைச் சிந்தனைக்கான சான்றாக வாசிக்க வேண்டும் என்னும் வாதம் மதிப்பீட்டில்தான் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக இருந்தால் அந்த எண் பெரியது என்று தவறாக நம்பும் மாணவரும் 0.7, 0.15 ஆகியவற்றில் 0.7ஐயே தேர்ந்து முழு மதிப்பெண் பெறுவார். அதே மாணவரிடம் 0.3, 0.45 என்னும் இணையைக் கொடுத்து, எது பெரியது, ஏன் என்று கேட்டால், அவர் 0.3 என்பார், அதற்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் ஆசிரியருக்கு அடுத்த பாடம் கிடைக்கிறது.