கெபோ, ஈசா, யேரா: உங்களுக்கு விழுந்த மூன்று கற்கள்

அன்பான தங்கச்சி,

நீங்கள் கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கற்களை எடுத்தேன். "பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சிநேகிதம். இப்போது அது வேறாக மாறுகிறதா அக்கா? மாறினால் நான் என்ன செய்ய?" இரண்டு கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பவை கனகராயன் ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்கள். வட ஐரோப்பாவின் பழைய ரூன் வரிசையில் உள்ள 24 எழுத்துகளும் அவற்றில் கீறியிருக்கின்றன. வெள்ளைத் துணி விரித்து, பார்க்காமல் மூன்றை எடுப்பேன். ஜெர்மானியர் குறி பார்க்கும் முறையை ரோமர் டாசிடஸ் கி.பி. 98 அளவில் எழுதி வைத்தார். குறியிட்ட மரத்துண்டுகளை வெள்ளைத் துணியில் வீசி, வானத்தைப் பார்த்தபடி மூன்றை எடுப்பார்களாம். அந்த மூன்றை நடந்தது, நடப்பது, வரப்போவது என்று வாசிப்பது இந்தக் காலத்து வழக்கம். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

உங்களுக்கு விழுந்தவை கெபோ, ஈசா, யேரா. மூன்றையும் தலைகீழாகத் திருப்பினாலும் உரு மாறாது. அதனால் "கவிழ்ந்து விழுந்தது, கெட்ட பலன்" என்ற கதைக்கே இடமில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

நடந்ததன் இடத்தில் கெபோ. இரண்டு கோடுகள் நடுவில் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். இதன் பொருள் கொடை. வட நாட்டுப் பழைய பாடல்களில் கொடை என்றால் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற காரியமில்லை. வாங்கியவர் திருப்பிக் கொடுப்பார், கொடுத்தவர் மறுபடி கொடுப்பார். சிநேகிதம் நிலைப்பதே அதனால்தான் என்று அவை சொல்கின்றன. நீங்கள் எழுதியதை இதோடு வைத்துப் பார்த்தேன். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்த ஒரே கணிதப் புத்தகத்தை நீங்களும் உங்கள் சிநேகிதரும் மாறி மாறிப் படித்திருக்கிறீர்கள். ஊர் திரும்பிய பிறகு ரியூசனுக்கு அவருடைய சைக்கிளில் போயிருக்கிறீர்கள். அவருடைய அப்பா தவறியபோது அவருடைய அம்மாவோடு ஒரு கிழமை நின்றது நீங்கள். உங்களுக்கு முன்பள்ளியில் வேலை கிடைக்க, படிவங்களைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு அலைந்தது அவர். யார் அதிகம் செய்தார் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் கணக்குப் பார்க்கவில்லை. கெபோவின் இரண்டு கோடுகளும் ஒரே நீளம், தங்கச்சி.

இந்தக் காலத்தில் பலர் கெபோ விழுந்தவுடன் "காதல்" என்று சொல்லிவிடுவார்கள். நான் சொல்லமாட்டேன். இது காதலுக்கும் பொருந்தும், சிநேகிதத்துக்கும் பொருந்தும். இந்த இடத்தில் அது சொல்வது உங்கள் இருவருக்கும் அடியில் உள்ள நிலம் உறுதியானது என்பதைத்தான்.

நடப்பதன் இடத்தில் ஈசா. ஒற்றைச் செங்குத்துக் கோடு. பொருள் பனிக்கட்டி. எங்கள் பக்கத்தில் குளம் உறைந்ததை ஒருவரும் கண்டதில்லை, ஆனபடியால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ஆங்கில ரூன் பாடலில் பனிக்கட்டி மிகக் குளிர்ந்தது, அளவில்லாமல் வழுக்குவது, கண்ணாடி போல மினுங்குவது, பார்க்க அழகானது என்று வருகிறது. மேலே அசைவில்லை. கீழே தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது.

உங்கள் தோழியின் கலியாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் உங்கள் சிநேகிதர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: "உனக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளை பார்த்துவிட்டால் நான் யாரோடு கதைக்கிறது?" நீங்கள் சிரித்துச் சமாளித்தீர்கள். அன்றிலிருந்து அவருடைய பதில்கள் "ம்", "சரி", "வயலில் நிற்கிறேன்" என்று சுருங்கிவிட்டன. நீங்களும் சுருக்கிக்கொண்டீர்கள். ஈசா இதுதான். அவர் விலகிவிட்டார் என்று நீங்கள் படித்த இடத்தில், இரண்டு பேரும் அசையப் பயந்து நிற்பதை நான் படிக்கிறேன். அவர் ஒரு அடி வைத்தார். உங்கள் சிரிப்பில் அது வழுக்கியது.

அவருடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கல்லில் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடையில் நிற்கும் மௌனத்தைத்தான் ஈசா காட்டுகிறது. அந்த மௌனத்தில் உங்களுக்கும் பாதிப் பங்கு இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வரப்போவதன் இடத்தில் யேரா. கல்லைத் திருப்பியபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. ரூன் வரிசையில் ஈசா 11ஆவது எழுத்து, யேரா 12ஆவது. பனிக்கட்டிக்கு அடுத்து நிற்பதே இதுதான். அதே ஒழுங்கில் உங்களுக்கு விழுந்திருக்கிறது. யேரா என்றால் ஆண்டு, விளைச்சல். விதைத்தது தன் காலத்தில் கைக்கு வருவது.

இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஆளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மார்கழியில் போய் நெல்லை இழுத்து வளர்க்க முடியாது. ஆனால் காலபோகம் விளைந்து நிற்க, மாசி கழியட்டும், பங்குனி கழியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் மணி கொட்டிப் போகும். யேராவைப் "பொறுமையாக இரு" என்று மட்டும் வாசிப்பவர்கள் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். வெட்டுகிற நாள் வந்தால் வயலில் இறங்க வேண்டும் என்பது மற்றப் பாதி. வீட்டில் சாதகம் கொண்டுபோய்ப் பொருத்தம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த நாள் தூரத்தில் இல்லை.

இப்போது மூன்று உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெபோவில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஈசாவில் ஒரு கோடு தனியே நிற்கிறது. யேராவில் மறுபடி இரண்டு துண்டுகள். ஆனால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை, ஒன்று மற்றதை நோக்கி வளைந்து நிற்கின்றன. பழைய சிநேகிதம் அதே உருவில் திரும்பி வராது என்று இதை வாசிக்கிறேன். இருவரும் சேர்ந்தால் புதிதாக ஒன்று. சேராவிட்டாலும் கொஞ்சம் இடைவெளி விட்ட வேறொரு உறவு. "ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடுவோம்" என்ற வழி இந்தக் கற்களில் இல்லை.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், மாறுகிறது. உங்கள் பக்கத்தில் மாறிவிட்டது. அவர் பக்கத்திலும் ஏதோ அசைந்ததால்தான் கை கழுவும் இடத்தில் அந்தக் கேள்வி வந்தது.

இரண்டாவதற்கு: கதையுங்கள். வட்ஸ்அப்பில் வேண்டாம். "ம்" என்று ஒரு பதில் வந்தால் உங்கள் மனம் அதை நூறு விதமாகப் படிக்கும். தோழிகளைத் தூது விடவும் வேண்டாம், ஊர் வாய்க்குப் போய்விடும். அவருடைய அம்மாவைப் பார்க்க நீங்கள் போவது வழக்கம்தானே. அப்படியொரு பின்னேரம் போய், அவர் வயலால் வந்து தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகு, முற்றத்தில் வைத்து நேரே சொல்லுங்கள். "அன்றைக்குக் கேட்டதற்கு நான் சிரித்துவிட்டேன். பதில் சொல்லவில்லை. வீட்டில் எனக்குப் பேசுகிறார்கள். எனக்கு உன்மேல் விருப்பம் இருக்கிறது. உன் மனதில் என்ன என்று தெரியாமல் நான் அவர்களுக்கு ஒரு பதிலும் சொல்லமாட்டேன்." இவ்வளவு போதும். பதிலுக்கு அவருக்கு நேரம் தேவைப்பட்டால் கொடுங்கள், ஆனால் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இல்லை என்று சொன்னால் நோகும். அந்த நோவோடு உடனே அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டாம், ஒரு போகம் கழியட்டும். ஆனால் முகாமில் பகிர்ந்த புத்தகமும் அவருடைய அம்மாவோடு நின்ற கிழமையும் அந்த ஒரு சொல்லால் பொய்யாகிவிடாது. அதற்காகத்தான் கெபோ முதலில் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

அதுவரை, அம்மா கொண்டுவரும் சாதகத்துக்குச் சம்மதமும் சொல்லாதீர்கள், மறுப்பும் சொல்லாதீர்கள். தைப்பொங்கல் கழிந்து சொல்கிறேன் என்று கேளுங்கள். அந்த அவகாசத்தை எந்த அம்மாவும் கொடுப்பார்.

அன்புடன்,
அக்கா